சைன் தொடரில் எத்தனை உறுப்புகள் போதும்?

கேள்வி: கால்குலேட்டர் நிரலில் sin x-ஐத் தொடர் மூலம் கணக்கிடுகிறேன், 8 தசம இடங்கள் சரியாக வர எத்தனை உறுப்புகளைக் கூட்ட வேண்டும்?

பதில்: கோணத்தை முதலில் ரேடியனாக்கி 0 முதல் π/2 வரையிலான எல்லைக்குள் சுருக்கிவிட்டால் ஏழு உறுப்புகள் போதும். இத்தொடரில் குறிகள் மாறிமாறி வருவதாலும், இந்த எல்லைக்குள் உறுப்புகள் தொடர்ந்து சிறுப்பதாலும், விட்டுவிட்ட முதல் உறுப்பைவிடப் பிழை பெரிதாக முடியாது. ஆகவே, அந்த உறுப்பு 0.000000005-ஐவிடச் சிறியதா என்பதை மிகப் பெரிய கோணமான π/2-க்குச் சோதித்தாலே போதுமானது.

x = 1.5708 எனில், x^13/13! ஏறத்தாழ 5.7 × 10^-8. இதை விட முடியாது. அடுத்ததான x^15/15! ஏறத்தாழ 6.7 × 10^-10. இதைத் தாராளமாக விடலாம். எனவே x^13 வரை, அதாவது ஏழு உறுப்புகள். π/4-க்கு மேற்பட்ட கோணங்களைக் கொசைன் தொடருக்கு மாற்றிவிட்டால், சைனுக்கு ஐந்தே போதும். நான் இதையே விரும்புவேன்.

சுருக்காமல் x = 30-ஐ நேரடியாகக் கொடுத்தால், இடையில் வரும் உறுப்புகள் 7 × 10^11-ஐத் தாண்டி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டாலும் விடையில் நான்கு தசம இடங்கள் தேறுவதே கடினம்; அங்கே உறுப்புகளை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.