20ஆம் தேதிக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் என் மனைவி 11 வருடமாக வேலை பார்க்கிறாள். ஜிஎஸ்டி வேலை முழுக்க அவள் பொறுப்பு. ஒரு தேதி தவறியதில்லை. போன தீபாவளிக்கு ஆடிட்டர் தனியாகக் கூப்பிட்டுச் சம்பளம் கூட்டினார். ஆனால் சில மாதமாக, வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்ல, அசதி" என்கிறாள். வேலையில் குறையே இல்லாதபோது இதைப் பர்ன் அவுட் என்று நினைப்பது என் கற்பனையா?

ம., காரைக்குடி

அன்புள்ள ம.,

கற்பனை என்று தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை ஒரு நோய் என்று சொல்லாமல், வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. அதற்கு மூன்று முகம் சொன்னது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன் மேல் கசப்பு, வேலைத்திறன் குறைவது. மூன்றாவதற்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம். பொறுப்பானவர்களிடம் அது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வேலை கெடாமல் பார்த்துக்கொள்ளத் தூக்கத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுத்துக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் ஆச்சியும் (அக்காவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) தேவகோட்டையில் இதே வேலையில் இருந்தவர். 11ஆம் தேதி விற்பனை ரிட்டர்ன், 20ஆம் தேதி வரி ரிட்டர்ன். 20 முடிந்த மறுநாள் மத்தியானம் நன்றாகத் தூங்குவார். அடுத்த நாளே பச்சரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வெள்ளைப் பணியாரம் சுட்டு, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார். ஒரு வருடம் அந்தப் பணியாரம் நின்றது. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. 15ஆம் தேதி களைப்பாக இருப்பது சாதாரணம். 23ஆம் தேதியும் அதே முகம் என்றால், ஓய்வு உடம்பில் ஒட்டவில்லை என்று அர்த்தம். நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. ஆச்சி புதுப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர். அந்த வருடம், "சொல்லிக்குடுக்குற நேரத்துல நானே போட்டுருவேன்" என்று எல்லாவற்றையும் தானே செய்தார். முடித்த ரிட்டர்ன்களின் எண்ணிக்கை கூடியது. அலுவலகத்துக்கு அது சுறுசுறுப்பாகத் தெரிந்தது! உண்மையில், கட்டாயமில்லாத வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. கவனம் நிற்காததால் ஒரே கணக்கை மூன்று தடவை சரிபார்த்தார். அதனால்தான் தப்பு வரவில்லை, அதனால்தான் வீடு திரும்ப எட்டரை ஆனது. "கோட்டையூர் அண்ணன் கடை" என்று சொன்னவர், "அந்த ஃபைல்" என்று சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் அந்த அண்ணன் ஒரு பில் தாமதமாக அனுப்பியதற்கு போனில் கத்தியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்றும் ரிட்டர்ன் நேரத்துக்குப் போய்விட்டது.

பத்து நாள் லீவு போட்டார். திரும்பிப்போன மூன்றாம் நாளே பழைய நிலை. லீவில் உடம்பு கொஞ்சம் தேறியது, ஆனால் மேசையில் இருந்த சுமை அப்படியே இருந்தது.

உங்களால் செய்யக்கூடியது இது. இரண்டு மாதத்துக்கு 21 முதல் 24 வரை மட்டும் கவனியுங்கள். தூங்கினாளா, தானாக விரும்பி எதையாவது செய்தாளா, போன் அடித்தால் முகம் மாறுகிறதா என்று காலண்டரில் ஒரு வரி குறித்துவையுங்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "அசதி" என்றுதான் பதில் வரும். "முன்னே 21ஆம் தேதி என்ன பண்ணுவே?" என்று கேட்டுப்பாருங்கள்.

கூடவே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே முகத்தோடுதான் வரும். வேலைக்குச் சம்பந்தமில்லாத, பிடித்த விஷயங்களிலும் சந்தோஷம் போய்விட்டது என்றாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசினாலோ, அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆச்சி விஷயத்தில் ஆடிட்டர் ஆறு கிளையண்டுகளை வேறொருவருக்கு மாற்றினார், இரவு எட்டுக்கு மேல் போன் கிடையாது என்றார். உடனே சரியாகிவிடவில்லை. அடுப்பில் மறுபடி பணியாரம் ஏற நாலு மாதம் ஆனது. உங்கள் மனைவி சம்மதித்தால், அவரே ஆடிட்டரிடம் பேசட்டும். குறைக்க வேண்டியது எது என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும், "வேலை ஜாஸ்தி" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அதையும் ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். செப்டம்பர் 30 ஆடிட் கெடு நெருங்கிவிட்டால் ஆடிட்டர் காதில் எதுவும் விழாது.