120 ரூபா சாப்பாட்டுல கைல நிக்கிறது எவ்வளவு

கேள்வி: வேளச்சேரி பக்கம் சின்னதா ஒரு கிளவுட் கிச்சன் போடலாம்னு இருக்கேன், கைல 4 லட்சம் இருக்கு. சாம்பார் சாதம், புளியோதரை மாதிரி கலவை சாதம் மட்டும், பொரியல் அப்பளத்தோட 120 ரூபா. டெலிவரி ஆப்ல 22 சதவீதம் கமிஷன்னு சொன்னாங்க. ஒரு நாளைக்கு 50 ஆர்டர் வந்தா லாபம் நிக்குமா?

நிக்காது. நான் மடிப்பாக்கத்துல இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சு கையைச் சுட்டுக்கிட்டு அப்புறம் மெனுவை மாத்தி இப்ப ஓட்டிட்டு இருக்கேன், அதனால கணக்கோடவே சொல்றேன்.

முதல்ல அந்த 22 சதவீதம் 22 இல்ல. பேமெண்ட் கேட்வேன்னு தனியா ஒரு 2 சதவீதம் வரும், ரெண்டுக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவாங்க. நமக்கு 5 சதவீத ரெஸ்டாரண்ட் ஜிஎஸ்டி, அதுல இன்புட் கிரெடிட் கிடையாது, அதனால இந்த ஜிஎஸ்டி திரும்பி வராது, அது முழுசா நம்ம செலவுதான். கூட்டிப் பார்த்தா 28 சதவீதத்துக்கு மேல போகுது. கஸ்டமர் பில்லுல இருக்கிற 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரியில இருந்து ஆப்பே வசூல் பண்ணி கட்டிடுது, அது நம்ம கைக்கு வராது, அதை வருமானம்னு எண்ணிடாதீங்க.

அப்ப 120ல 34 போச்சு, கைக்கு 86. அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 36 வைங்க. கேஸ், மிச்சமாகி கொட்டுறது, ருசி பாக்கறது எல்லாம் ஒரு 8. இப்ப பேக்கிங். இங்கதான் எல்லாரும் "ஒரு டப்பா 6 ரூபா"ன்னு நிறுத்திடுவாங்க. சாதத்துக்கு 500 மில்லி டப்பா 6, பொரியலுக்கு சின்ன கப்பு, அப்பளத்துக்கு ஒரு கவர், ஸ்பூன், டிஷ்யூ, ஸ்டிக்கர், டேப், வெளிய ஒரு பேப்பர் பை. பிளாஸ்டிக் கேரி பேக் 2019ல இருந்தே தமிழ்நாட்டுல தடை, அதனால பையே 4 ரூபா ஆயிடுது. பாரிமுனையில போய் மொத்தமா வாங்கியும் எனக்கு 14க்கு கீழ வரல.

36, 8, 14 மூணும் சேர்த்து 58, அதை 86ல கழிச்சா 28 ரூபா. ஒரு ஆர்டர்ல உங்க கைல நிக்கிறது அவ்வளவுதான், அதுவும் வாடகை சம்பளத்துக்கு முன்னாடி.

என்னோட அப்போதைய மாசச் செலவு: வாடகை 12,000, மாஸ்டர் 18,000, ஹெல்பர் 12,000, கரண்ட் 5,000, தண்ணி இன்டர்நெட் கிளீனிங்னு 3,000. மொத்தம் 50,000. 28ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1,786 ஆர்டர், மாசம் 26 நாள் ஓட்டினா தினம் 69. உங்களுக்குன்னு ஒரு ரூபா எடுக்காம, வெறுமனே முட்டுக்கு முட்டு வர்றதுக்கே 69. நீங்க சொல்ற 50 வந்தா மாசம் 13,600 கைல இருந்து போகும்.

இதுக்கு மேலதான் ஆஃபர். புதுசா லிஸ்ட் ஆன உடனே 20 சதவீதம் ஆஃபர் போட்டா மேல தெரிவீங்கன்னு ஒருத்தர் போன் பண்ணுவார், ரொம்ப அன்பா பேசுவார். 120க்கு 24 ரூபா தள்ளுபடி நம்ம தலையில வந்தா பில் 96, அதுல கமிஷன் போக 69 வரும், செலவு 58 அப்படியேதான் இருக்கு, மிச்சம் 11 ரூபா. கஸ்டமருக்கு 20 சதவீதம் குறைஞ்சுது, உங்களுக்கு 60 சதவீதம் குறைஞ்சுது. 11 ரூபாய வச்சு 50,000 எடுக்க தினம் 175 ஆர்டருக்கு மேல வேணும், ரெண்டு அடுப்பு வச்ச கிச்சன்ல அது நடக்காத காரியம். நான் இது புரியாம ஒரு வாரம் 41,000க்கு வித்தேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் பெருமை பேசிட்டு, பேங்க்ல பாத்தா 20,400தான் வந்திருந்துச்சு. தள்ளுபடி, கமிஷன், நானே ஆன் பண்ண விளம்பரம் 2,500, ரீஃபண்ட் ஒரு 600, எல்லாம் செட்டில்மெண்ட் ஷீட்ல வரிசையா இருந்துச்சு, நான்தான் முதல் வாரம் அதைத் திறந்தே பாக்கல.

அதனால விலையைப் பின்னாடி இருந்து போடுங்க. ஆஃபர் போட்டே ஆகணும்னா மெனுவுல 150, அதுல 20 சதவீதம் கழிச்சா திரும்ப 120, அதே 28 ரூபா நிக்கும். ஆப்ல எல்லார் மெனுவும் கடை விலையை விட ஏன் அதிகமா இருக்குன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

ஆனா சாம்பார் சாதத்துக்கு விலையை ஏத்தறதுக்கு ஒரு எல்லை இருக்கு. என்னைக் காப்பாத்துனது பில் சைஸ். கமிஷனும் சரக்கும் பில்லோட சேர்ந்து ஏறும், பேக்கிங் அப்படி ஏறாது. ரெண்டு பேருக்கு ஒரு காம்போ 260க்கு வச்சேன்: பெரிய டப்பாவுல ஒரு சாதம், இன்னொண்ணுல தயிர் சாதம், ஒரு பொரியல், வத்தல், எல்லாம் ஒரே பை. கமிஷன் போக 186, சரக்கு 78, பேக்கிங் 22, கேஸ் வேஸ்ட் 13. மிச்சம் 73. அதே 50,000க்கு தினம் 27 ஆர்டர் போதும். ரெண்டு 120 ஆர்டர் செஞ்சா 56, ஒரு 260 ஆர்டர் செஞ்சா 73, வேலையும் கம்மி. இப்ப தனி சாதத்தை மெனுவுல கீழ தள்ளிட்டேன், எடுக்கல, ஏன்னா அதைத் தேடி வர்றவங்கதான் காம்போவைப் பாக்கறாங்க.

பேக்கிங்ல காசு மிச்சம் பண்றேன்னு மூடி லூசா இருக்கிற டப்பா வாங்கிடாதீங்க. சூடா சாம்பார் சாதத்தை அடைச்சா ஆவி மூடியைத் தூக்கும், வண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறினா பை பூரா சாம்பார், அப்புறம் போட்டோவோட கம்ப்ளெய்ண்ட், ரீஃபண்ட். ஒரு ரீஃபண்டுக்கு 58 ரூபா செலவு அப்படியே நஷ்டம், அதை எடுக்க இன்னும் ரெண்டு ஆர்டர் ஓசியில செய்யணும். மூணு நிமிஷம் ஆற விட்டு மூடுங்க, விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, அப்பளம் தனி கவர்ல. புது டப்பா வாங்கினா தண்ணி ஊத்தி மூடி தலைகீழா பத்து நிமிஷம் வச்சுப் பாருங்க, கடைக்காரர் முன்னாடியே. என்னை ஒரு மாதிரிதான் பாத்தாரு, பரவாயில்ல.

உங்க 4 லட்சத்துல பாத்திரம், அடுப்பு, அட்வான்ஸ்னு ரெண்டரைக்கு மேல போகாதீங்க, மிச்சம் ஒண்ணரை லட்சம், அது முதல் மூணு மாச நஷ்டத்துக்கு. உணவு பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு பெரிய செலவு இல்ல. அதோட, ஆப்பை மட்டும் நம்பாம பக்கத்து ஆபீஸ் ஒண்ணுல மதியச் சாப்பாடு 20 பேருக்குப் பேசிப் பாருங்க. நான் 100 ரூபாய்க்கே குடுக்கறேன், கேரியர்ல போகுது, திரும்பி வருது, கமிஷனும் இல்ல டப்பாவும் இல்ல, கொண்டு போற பையனுக்கு தலைக்கு 8 குடுத்தும் சாப்பாட்டுக்கு 48 நிக்குது. மாசம் 26 நாளைக்கு 20 பேர்னா கிட்டத்தட்ட 25,000, அதாவது என்னோட மாசச் செலவுல பாதி, ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுது. கடன் சொல்ற ஆபீசா இருந்தா மட்டும் வாரா வாரம் காசு வாங்கிடுங்க, மாசக் கடைசின்னு விட்டா நான் பட்ட பாடு தனிக் கதை.