ரிவி நிற்கும் லாச்சிப் பெட்டியில் இருந்து தொடங்குங்கள்

"கிளிநொச்சியில் இருக்கிறம். மகனுக்கு ஒன்பது மாதம், பிடிச்சு எழும்பி நிற்கத் தொடங்கிட்டான். எங்கட ஹோலின்ர படம் போட்டிருக்கிறன். இதில எதெல்லாம் அவனுக்கு ஆபத்து?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண் போய் நின்றது ரிவி வைத்திருக்கும் லாச்சிப் பெட்டியில்தான். கீழ் லாச்சி பாதி திறந்திருக்கிறது, ரிமோட் மேலே ரிவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ரிமோட்டுக்காக அவன் அந்த லாச்சியில் கால் வைத்து ஏறுவான். திறந்த லாச்சி பெட்டியின் பாரத்தை முன்னுக்கு இழுத்துவிடும். அதில் எட்டு, ஒன்பது கிலோ பிள்ளையும் தொங்கினால் பெட்டியும் ரிவியும் அவன் மேலேயே சரியும். என் அக்காவின் மகன் இப்படித்தான் ஏறினான். முன்னால் ஒரு கதிரை கிடந்ததால் சரிந்த பெட்டி அதில் தட்டி நின்றது, பிள்ளை தப்பினான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்றைக்கே ரிமோட்டை எடுத்துவிட்டு, ரிவியை உயரம் குறைந்த, அகலமான மேசைக்கு மாற்றிச் சுவரோடு தள்ளி வையுங்கள். பாரமான சாமான்களைக் கீழ் லாச்சியில் போடுங்கள். அப்புறம் பெட்டியின் மேல்பக்கத்தை இரும்புக் கோணத் தகட்டால் சுவரோடு பிணையுங்கள். ஸ்குரூ பெட்டியின் தடித்த சட்டத்தில் ஏற வேண்டும், பின்பக்க மெல்லிய பலகை பிய்ந்துவிடும். சுவரில் பூச்சுக்குள் ஆணி அடித்தால் நிற்காது. துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, சீமெந்துக் கல்லுக்குள் ஸ்குரூவை இறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மேல் லாச்சியை முழுக்க இழுத்துக் கையால் அழுத்துங்கள். பெட்டி கொஞ்சமும் அசையக் கூடாது.

சுவரில் இருக்கும் சதுரத் துளைப் பிளக் பொயின்ற் அவ்வளவு பயமில்லை. மேல் துளையில் நீள முள் நுழைந்தால்தான் கீழ் இரண்டும் திறக்கும், அதனால் அதற்கு மூடி வாங்க வேண்டாம். நிலத்தில் கிடக்கும் வட்டத் துளை மல்ரி பிளக்கைத்தான் உடனே எடுக்க வேண்டும். ஃபோன் சார்ஜரின் வயரும் தொங்கக் கூடாது. கண்ணாடி மேசையை அறைக்குள் தள்ளிவிடுங்கள், அதன் மூலை சரியாக அவன் நெற்றி உயரத்தில் இருக்கிறது.

பாயோரம் தெரிவது அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம் என்று நினைக்கிறேன். பாக்குத் துண்டு தொண்டையில் அடைக்கும், சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும், பாக்குவெட்டி விரலை வெட்டும். அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். சுமார் 3 செ.மீ. வட்டத்துக்குள் நுழையும் எதுவும் நிலத்தில் இருக்கக் கூடாது. மெல்லிய ரிமோட்டின் வட்ட பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். சந்தேகம் என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்தப் படம் நீங்கள் நின்று எடுத்தது. கதிரைகளுக்கு அடியும் அலுமாரிக்குப் பின்பக்கமும் தெரியவில்லை. நிலத்தில் இருந்து ஒரு முழம் உயரத்தில் ஃபோனைப் பிடித்து, நான்கு மூலையிலிருந்தும் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.