பெற்றோர் கூட வந்தாலும் ‘ஏ’ படத்துக்கு அனுமதி இல்லை

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு ‘ஏ’ படத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் போட்டுப் போனான். தியேட்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கூடப் போயிருந்தால் விட்டிருப்பார்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விட்டிருக்க மாட்டார்கள். ‘ஏ’ சான்றிதழ் படத்தை 18 வயது நிரம்பாதவருக்குக் காட்டினால், ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டர்காரர்தான் குற்றவாளி. அப்பா சம்மதித்தார் என்று சொல்லி அவர் தப்ப முடியாது. பெற்றோர் முடிவு செய்துகொள்ளலாம் என்பது ‘யு/ஏ’ படங்களுக்கு மட்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அவற்றில் 7+, 13+, 16+ என்று போடுகிறார்கள். அந்த எண் உங்களுக்கான எச்சரிக்கை, வாசலில் தடுப்பதற்கானது அல்ல.

வயது கணக்கு நாள் கணக்கு. ஆகஸ்ட் 14 அன்று 18 முடிகிற பையன் 12ஆம் தேதி காட்சிக்கு வந்தால் அனுமதி கிடையாது. கல்லூரி அடையாள அட்டையில் பல நேரம் பிறந்த தேதியே இருக்காது. ஆதாரோ டிஜிலாக்கரோ காட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாசலில் சண்டை போடுகிறவர்கள் நிறைய. பெற்றோரோடு வரும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ‘ஏ’ படம் காட்டுவது குற்றமாகாது. மடியில் தூங்குகிற இரண்டு வயதுக் குழந்தைக்கு இது பொருந்தும். மூன்றைத் தாண்டி நாலில் நடக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. “டிக்கெட்டே வாங்கவில்லையே, மடியில்தானே வைத்துக்கொள்கிறோம்” என்பதும் செல்லாது. டிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வயதுதான் கணக்கு. குற்றமில்லை என்பதற்காகத் தியேட்டர் விட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை.

பணத்தை மறந்துவிடுங்கள். பெரும்பாலான முன்பதிவு நிபந்தனைகளில், வயதுச் சான்று இல்லாமல் திருப்பி அனுப்பினால் பணம் தர மாட்டோம் என்றே இருக்கிறது. பிறந்த தேதியைக் கேட்காமல், ‘எனக்கு 18 வயதாகிறது’ என்ற பெட்டியைத் தொட்டாலே டிக்கெட் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் திரையில் நிறுத்த வேண்டியதை டிக்கெட் கிழிக்கிறவர் தலையில் கட்டுகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். மேலாளரிடம் தன்மையாகக் கேட்டால் சில இடங்களில் அதே நேரத்து ‘யு/ஏ’ படத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள். அது அவர் விருப்பம்.

வாசலுக்கு வெளியே, “நூறு ரூபாய் கூடக் கொடு தம்பி, உள்ளே ஆள் இருக்கு” என்று வருகிற பிளாக் டிக்கெட்காரரிடம் பிள்ளை சிக்கக் கூடாது. காசு வாங்கியதும் அவர் மறைந்துவிடுவார், வாசலில் அதே சோதனைதான். ஆதார் படத்தில் வருடத்தை மாற்றித் தருகிறேன் என்பவர் இன்னும் மோசம். அதுவரை பையன் மேல் குற்றம் எதுவும் இல்லை. போலி ஆவணத்தைக் காட்டினால் வழக்கு அவன் மேல் வரும்.

இரவுக் காட்சியில் திருப்பி அனுப்பினால், வெளியே போகாமல் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் உட்கார்ந்து உங்களுக்கு போன் செய்யச் சொல்லிவையுங்கள். நல்ல மேலாளர் அழைத்துப்போக ஆள் வரும்வரை உட்கார வைப்பார். துரத்தினாலோ, யாராவது தொந்தரவு செய்தாலோ 1098க்கு அழைக்கட்டும்.