ராகிப் பாலா, பாக்கெட் மாவா?

"பையனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, எடை 7.2 கிலோ. மாமியார் ராகிப் பால் காய்ச்சிக் கொடுக்கிறார். அடுத்த மாதம் நான் வேலைக்குப் போகணும். கடை மாவில் எல்லாச் சத்தும் இருக்கிறது, வெந்நீரில் கலக்கினால் போதும் என்கிறாள் தங்கை. அதில் சர்க்கரை இருக்கிறதாமே? எதைக் கொடுப்பது?"

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கஞ்சி ஸ்பூனைச் சாய்த்ததும் தண்ணீராய் ஓடுகிறதா, கொஞ்சம் தயங்கி விழுகிறதா? என்னிடம் வருகிற பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. ஒரு மேசைக்கரண்டி மாவை (சுமார் 10 கிராம்) 150 மில்லி தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது முப்பது கலோரி சொச்சம். அதே 150 மில்லி தாய்ப்பாலில் நூறு கலோரி இருக்கும். அந்தக் கஞ்சியால் வயிறு நிறையும், எடை ஏறாது. பால் குடிக்கிற இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்க மாட்டேன் என்கிறது, அதனால் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பார்கள். அதற்குத்தான் முளைகட்டுவது. ராகியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்து, வால் விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரையுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், இரண்டு கரண்டி மாவு போட்டாலும் கஞ்சி களியாகாது. முக்கால் பங்கு ராகிக்குக் கால் பங்கு வறுத்த பாசிப்பருப்பு சேர்த்து அரைத்தால் புரதமும் கூடும். இந்த மாவில் 20 கிராம் எடுத்து, 150 மில்லி தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் நூற்றுப் பத்துக் கலோரி வந்துவிடும்.

துணியில் பிழிந்து எடுக்கும் ராகிப் பால், ஆறு மாதம் முடிந்து கஞ்சி தொடங்கும் முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. ராகியின் பெருமையே 100 கிராமுக்கு 360 மி.கி.க்கு மேல் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான். அதில் நல்ல பங்கு துணியில் தங்கும் சக்கையோடு போய்விடும். இனி வடிகட்டாத, நன்றாகச் சலித்த மாவே போதும்.

பாக்கெட் மாவு உண்மையிலேயே முந்துவது இரும்புச் சத்தில். 20 கிராம் ராகியில் ஒரு மி.கி. கூட இராது. இருப்பதிலும் சிறு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தில் கரைகிறது, தாய்ப்பாலிலும் குறைவு. பாக்கெட்டில் இரும்பைக் கலந்தே விற்கிறார்கள். வீட்டுக் கஞ்சிதான் என்று முடிவு செய்தால் வேறொரு வேளையில் நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, ஈரல், மீன் என்று ஏதாவது சேர வேண்டும். கூடவே அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து டானிக், வாரம் இரண்டு முறை 1 மில்லி. மலம் கறுக்கும், பயப்படாதீர்கள்.

சர்க்கரை பயம் நியாயமானது. இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருப்பதாகவும், ஐரோப்பாவில் அதே நிறுவனம் சேர்ப்பதில்லை என்றும் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024-இல் வெளியிட்டது. பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் இங்கே வந்தன. வாங்கும்போது 'மொத்தச் சர்க்கரை'யைப் பார்த்து மிரளாதீர்கள், பால்பவுடரில் இயல்பாக உள்ள சர்க்கரையும் அதில் அடக்கம். 'சேர்த்த சர்க்கரை' வரியையும் பொருள் பட்டியலையும் படியுங்கள். சுக்ரோஸ், குளுக்கோஸ், தேன் இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆனால் நம் வீட்டுப் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு தேக்கரண்டி போட்டாலே நாலு கிராம் ஆகிவிடும், அந்தப் பாக்கெட்டை விட அதிகம்! இரண்டு வயது வரை இரண்டுமே வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. இனிப்பு வேண்டுமென்றால் பழம் மசித்துச் சேருங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: தினமும் வீட்டு மாவு, பயணத்துக்கும் மாமியாருக்கு முடியாத நாளுக்கும் சர்க்கரை சேர்க்காத ஒரு பாக்கெட். பால்பவுடர் கலந்த வகையென்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தால் போதும், மேலே பால் ஊற்ற வேண்டியதில்லை.

வீட்டு மாவைக் கால் கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். முந்திரி, பாதாம் சேர்த்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மில்லில் முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், அரைத்திருந்தால் முதலில் ஒரு பிடி அரிசி ஓட்டச் சொல்லுங்கள்.

காலையிலேயே காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். வெதுவெதுப்பான கஞ்சியில் கிருமி வேகமாகப் பெருகும். மதிய வேளைக்கான மாவை மட்டும் அளந்து டப்பாவில் வைத்துவிட்டுப் போங்கள், மாமியார் அப்போது புதிதாகக் காய்ச்சட்டும்.