லிட்டர் டின், கிலோ டின்: பில்லைப் பிடித்து வைத்தால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: ஈரோட்டில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். நான் எண்ணெய் வாங்கும் மில் அனுப்பிய விலை ஷீட்டில், 15 கிலோ டின் 2,280 ரூபாய், 'யூனிட் விலை 152' என்றும், 15 லிட்டர் டின் 2,115 ரூபாய், 'யூனிட் விலை 141, மிகக் குறைந்த விலை' என்றும் இருந்தது. அதை நம்பி ஐந்து மாதத்தில் 320 லிட்டர் டின் வாங்கிவிட்டேன். கிலோ டின்தான் மலிவு என்று இப்போது என் மகள் சொல்கிறாள். யூனிட்டுக்கு 11 ரூபாய் மிச்சம் என்று நம்பவைத்து 52,800 ரூபாய் ஏமாற்றிவிட்டார்கள். பத்து வருஷப் பழக்கம், என் மகன் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் ஐயா! கடைசி 90 டின்னுக்கான 1,90,350 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன். போலீஸுக்குப் போகவா, நுகர்வோர் கோர்ட்டுக்கா?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். பத்து வருஷப் பழக்கத்தையும் கல்யாணச் சாப்பாட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். அந்த ஷீட்டில் டின்னின் அளவும் விலையும் சரியாகத்தான் இருந்தன. தப்பாக இருந்தது வகுத்துப் போட்ட 'யூனிட் விலை' கட்டம் மட்டும்தான். உங்கள் கேஸ் அங்கேயே மெலிந்துவிடுகிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19 இப்படிச் சொல்கிறது: தவறான தகவலை நம்பிச் சம்மதித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் சாதாரண கவனம் வைத்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் அந்த உரிமை கிடையாது. ஒரு வரியில் கிலோ, அடுத்த வரியில் லிட்டர், தலைப்பில் வெறும் 'யூனிட்'. அளவு உங்கள் கண் முன்னால் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு டின்னைத் தூக்கிவந்து, லேபிளில் லிட்டருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் கிலோ கணக்கைக் காட்டி, "320 டின்னிலும் இது இருந்ததே?" என்று கேட்பார். வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிரூபித்தால் இந்த விலக்கு அவர்களைக் காப்பாற்றாதுதான். அதற்கு எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். "லிட்டர் டின் எடுங்க, கிலோவுக்கு 11 ரூபாய் மிச்சம்" என்று மில்லின் விற்பனை ஆள் வாட்ஸாப்பில் எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் வேறு மாதிரி பேசுவேன். இல்லையென்றால் போலீஸ் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். நுகர்வோர் சட்டமோ, வியாபாரத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்றே எடுத்துக்கொள்ளாது. சுயதொழில், பிழைப்புக்காக வாங்கினேன் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் மாதம் அறுபது டின்னுக்கு மேல் எண்ணெய் எடுப்பவர் அதற்குள் நுழைவது கடினம்.

அப்புறம் உங்கள் 52,800. அதை முதலில் விட்டுவிடுங்கள். ஷீட்டில் மில் செய்த அதே தப்பைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்: லிட்டரையும் கிலோவையும் கழித்துப் பார்த்திருக்கிறீர்கள். சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். ஆக 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. 2,115-ஐ 13.65-ஆல் வகுத்தால் கிலோ 154.95 ரூபாய். கிலோ டின்னில் 152. உண்மையான வித்தியாசம் கிலோவுக்கு மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 320 டின்னில் நீங்கள் வாங்கியது 4,368 கிலோ, கொடுத்ததும் கொடுக்க வேண்டியதும் சேர்த்து 6,76,800 ரூபாய். அதே எண்ணெயைக் கிலோ டின்னில் எடுத்திருந்தால் 6,63,936 ஆகியிருக்கும். மிச்சம் 12,864. அவ்வளவுதான் உங்கள் வழக்கு. காலி டின் 29 கூடுதலாகக் கிடைத்து, அதையும் விற்றிருப்பீர்களே என்று அதிலும் கழிக்கச் சொல்வார்கள். நீங்கள் 'மிச்சமாகும்' என்று நம்பிய 11 ரூபாய் எந்த டின்னிலும் இருந்ததில்லை. இல்லாத லாபத்தை நஷ்டமாகக் கேட்க முடியாது.

உங்கள் ஷீட்டில் B-யில் அளவு, C-யில் KG அல்லது L, D-யில் விலை என்று வைத்தால் இந்தச் சூத்திரம் போதும், பதில் எல்லா வரியிலும் கிலோ விலையாக வரும்:

```
=D2/IF(C2="L",B2*0.91,B2)
```

0.91 சமையல் எண்ணெய்க்கு மட்டும். டின்னிலேயே கிலோ அச்சாகியிருந்தால் அந்த எண்ணையே போடுங்கள். இதை நகல் ஷீட்டில் செய்யுங்கள். மில் அனுப்பிய மூல ஃபைலைத் திறந்து 'திருத்தி'ச் சேமித்துவிட்டு, பிறகு அதையே சாட்சியம் என்று என்னிடம் கொண்டு வருபவர்கள் நிறைய.

இப்போது எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் 1,90,350.

மில்லின் பில்லை எடுத்து அதில் உத்யம் எண், அதாவது சிறுதொழில் பதிவு எண், இருக்கிறதா பாருங்கள். வாங்கி விற்கும் கடையாக இல்லாமல், தானே எண்ணெய் தயாரிக்கும் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும். சரக்கில் குறை என்றால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லவில்லை, பந்தியும் போட்டு முடித்துவிட்டீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18 சதவீதம். ஒரு வருஷம் இழுத்தால் உங்கள் தொகைக்கு வட்டி மட்டும் சுமார் 37,000. பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்துக்காக!

ஒரு ஹாஸ்டல் மெஸ் நடத்துபவர் இதேபோலத்தான் வந்தார். சோப்புத் தூள் மூட்டையில் ஏதோ தகராறு, அவராகவே பில்லில் கழித்துவிட்டுப் பாக்கியையும் பிடித்து வைத்திருந்தார். சப்ளையர் கோர்ட்டுக்குப் போகவில்லை, அதே சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் நேராக மனுப் போட்டார். நோட்டீஸ் வந்தபோது இவர் "ஏமாற்றினவன்தானே, வரட்டும்" என்று போகாமலே இருந்துவிட்டார். தீர்ப்பு வட்டியோடு வந்தது. அதை எதிர்க்க வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் புரட்டத்தான் என்னிடம் வழி கேட்டார். யாரும் தீர்மானிக்காத நஷ்டத்தை நீங்களே பில்லில் கழித்துக்கொள்ள முடியாது என்பதை அவருக்கு அன்றைக்குத்தான் நான் சொல்ல முடிந்தது.

ஆகவே 45 நாள் முடிவதற்குள் முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கட்டுங்கள். அதே நாளில் ஒரு கடிதம்: 'எங்கள் உரிமைக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறோம்' என்ற வரியோடு, கிலோ கணக்கை மூன்று வரியில் போட்டு, 12,864 ரூபாய்க்கு கிரெடிட் நோட் கேளுங்கள். மோசடி, ஏமாற்று போன்ற சொற்கள் கடிதத்தில் வேண்டாம். மற்ற சமையல்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவற்றைப் போட்டிருந்தால் உடனே நீக்குங்கள், அவதூறு நோட்டீஸுக்கு நானும் பதில் எழுத வேண்டியிருக்கும். எட்டாயிரம் தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என் ஃபீஸே அதைத் தாண்டும்.

ஒரு காரியம் மட்டும் தனியாகச் செய்து பாருங்கள். திறக்காத ஒரு டின்னைத் தராசில் வையுங்கள், காலி டின்னின் எடையைக் கழியுங்கள். லேபிளில் போட்ட கிலோவை விடக் கணிசமாகக் குறைந்தால் அது ஷீட் தகராறு இல்லை, எடையளவுச் சட்ட மீறல். தமிழ்நாட்டில் அதற்குத் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அப்படி வந்தால் அந்த டின்னைத் திறக்காமல் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.