சிவப்பும் பச்சையும் கலந்தால் ஏன் பழுப்பு வருகிறது?

"மிஸ், நேற்று வகுப்பில் சிவப்பையும் பச்சையையும் கலந்தேன். இரண்டுமே பளிச்சென்று இருக்கிற கலர். ஆனால் கலந்ததும் பிரவுன் ஆகிவிட்டது. மஞ்சளும் நீலமும் கலந்தால் நல்ல பச்சை வருகிறதே, இது மட்டும் ஏன் அழுக்கு மாதிரி ஆகிறது? ஃபோனில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்தான் வரும் என்று அண்ணன் சொல்கிறான். யார் சொல்வது சரி?"

உன் தட்டில் வந்ததும் சரி, அண்ணன் சொன்னதும் சரி. அவன் விஷயத்துக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் உன் பெயிண்ட்.

பெயிண்டுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. ஜன்னல் வழியாக வரும் வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. சிவப்புப் பெயிண்ட் அதில் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. பச்சைப் பெயிண்ட் சிவப்பை விழுங்கிவிடும், நீலத்திலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதாவது ஒன்று வாழ வைப்பதை மற்றது சாப்பிட்டுவிடுகிறது. இரண்டையும் குழைத்துவிட்டால், உள்ளே போகும் ஒளி துகளுக்குத் துகள் முட்டி மோதி, சிவப்புத் துகளிடமும் மாட்டுகிறது, பச்சைத் துகளிடமும் மாட்டுகிறது. இரண்டிடமும் தப்பியது மட்டும்தான் வெளியே வரும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை, உன் டியூபை அளந்து சொல்லவில்லை. வெள்ளை வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றும் 100 என்று வை. சிவப்புப் பெயிண்ட் சிவப்பில் 80, பச்சையில் 10, நீலத்தில் 5 திருப்பி அனுப்புகிறது. பச்சைப் பெயிண்ட் சிவப்பில் 10, பச்சையில் 40, நீலத்தில் 15 அனுப்புகிறது. பச்சைக்கு ஏன் 80 தரவில்லை என்று கேட்பாய். பச்சைப் பெயிண்டுகள் பொதுவாகவே சிவப்பு, மஞ்சள் அளவுக்குப் பிரகாசமாக ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் பின்னால் வேலை செய்யப்போகிறது.

இப்போது ஒளி இரண்டையும் கடந்து வரட்டும். சிவப்பு வெளிச்சம் 100-இல் சிவப்புப் பெயிண்ட் 80-ஐ விடுகிறது. அந்த 80-இல் பச்சைப் பெயிண்ட் பத்தில் ஒரு பங்கைத்தான் விடும், மிஞ்சுவது 8. அதே மாதிரி பச்சை வெளிச்சத்தில் 10, அதில் நூற்றுக்கு நாற்பது, மிஞ்சுவது 4. நீலத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆக, உன் தட்டிலிருந்து கண்ணுக்கு வருவது சிவப்பு 8, பச்சை 4, நீலம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மஞ்சளும் நீலமும் ஏன் இப்படிச் சண்டை போடுவதில்லை என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் சிவப்பில் 85, பச்சையில் 80, நீலத்தில் 5 அனுப்புகிறது. மஞ்சளுக்குள் பச்சை வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, நம் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நீலப் பெயிண்ட் சிவப்பில் 5, பச்சையில் 30, நீலத்தில் 60. கடந்து வருவது சிவப்பு 4, பச்சை 24, நீலம் 3. இரண்டுக்கும் பொதுவாகப் பச்சை இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. சிவப்புக்கும் பச்சைக்கும் அப்படிப் பொதுவாக எதுவும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால் கறுப்புதானே வரவேண்டும், பழுப்பு எங்கிருந்து வந்தது? எனக்கு இந்தக் கேள்வியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சிவப்பு 80, பச்சை 40, நீலம் 10 என்று வந்தால் அதை ஆரஞ்சு என்போம். உன் தட்டில் அதே விகிதம் ஏறக்குறைய அப்படியே, பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் வருகிறது. பழுப்பு என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு. வானவில்லில் தேடினால் பழுப்பு கிடைக்காது, ஆரஞ்சு கிடைக்கும். நம் தமிழ்ச் சொல்லும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: இலை பழுத்து மஞ்சளாகித் தளர்வதைத்தான் பழுப்பு என்கிறோம்.

வீட்டில் ஃபோன் இருக்கிறதல்லவா, ஒரு வரைகிற ஆப்பில் நிறக் குறியீட்டுக் கட்டத்தில் இதை அடித்துப் பார்:

```
#FF8000
#804000
```

முதலாவது பளிச்சென்ற ஆரஞ்சு. இதில் முதல் இரண்டு இடம் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். FF என்றால் 255, 80 என்றால் 128, 40 என்றால் 64. இரண்டாவதில் சிவப்பு எண்ணும் பச்சை எண்ணும் சரிபாதியாகக் குறைந்திருக்கின்றன, வேறு எதையும் தொடவில்லை. அது பழுப்பாகத் தெரியும். அப்புறம் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுக்க இரண்டாவது நிறத்தை மட்டும் நிரப்பிப் பார். கொஞ்ச நேரத்தில் அது மங்கலான ஆரஞ்சு விளக்கு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் போட்டதும் மறுபடி பழுப்பு. பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஏதாவது இருந்தால்தான் கண் அதைப் பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளைத் தாளில் வரையும் நமக்கு அந்தப் பிரகாசம் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது உன் அண்ணன். ஃபோன் திரையில் சிவப்பும் பச்சையும் குட்டிக் குட்டி விளக்குகள். விளக்கோடு விளக்கு சேர்ந்தால் வெளிச்சம் கூடும். ஒன்று மற்றதை விழுங்காது. சிவப்பு 100, பச்சை 100, நீலம் 0 என்று கண்ணுக்கு வந்தால் பளீர் மஞ்சள். பெயிண்டில் கழித்தல், திரையில் கூட்டல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சோதனை இருக்கிறது, 1850-களில் ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி நிறத் தட்டுகளைச் சுழற்றிச் செய்தது. ஒரு வட்ட அட்டையில் பாதிக்குச் சிவப்பும் பாதிக்குப் பச்சையும் பூசி, காய்ந்ததும் நடுவில் பென்சில் குத்தி வேகமாகச் சுற்று. பெயிண்ட் கலக்கவில்லை, கண்ணில்தான் கலக்கிறது. இரண்டின் சராசரியாக, மஞ்சள் தட்டின ஒரு வெளிர் பழுப்பு தெரியும். அண்ணனின் மஞ்சளுக்கும் உன் பழுப்புக்கும் நடுவில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இரண்டும் சொந்தக்காரர்கள் என்று உனக்கே புரிந்துவிடும்.

ஆனால் எந்தச் சிவப்பும் எந்தப் பச்சையும் ஒரே பழுப்பைத் தராது. நீ எடுத்தது ஸ்கார்லெட் மாதிரி ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பும், சாப் கிரீன் மாதிரி மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சையுமாக இருந்தால், இரண்டிலும் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அதனால் செம்மண் மாதிரி சூடான பழுப்பு வரும். கிரிம்சன் மாதிரி நீலம் தட்டின சிவப்பையும், தாலோ கிரீன் மாதிரி நீலம் தட்டின பச்சையையும் கலந்தால் பழுப்பு வருவது கஷ்டம். கரும் சாம்பலுக்கோ கிட்டத்தட்டக் கறுப்புக்கோ போய்விடும். ஓவியர்கள் பலர் கறுப்பு டியூபைத் தொடாமல் இந்த ஜோடியிலிருந்துதான் கறுப்பு எடுக்கிறார்கள்.

உன் தட்டில் "அழுக்கு" ஆனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இரண்டையும் சமமாகப் பிதுக்கிக் கலந்திருப்பாய். தாலோ மாதிரியான பச்சைக்கு வீரியம் அதிகம். சமமாகப் போட்டால் சிவப்பை அமுக்கிவிட்டுக் கரும்பச்சைச் சேறாக நிற்கும். அதனால் அடுத்த முறை நகம் அளவுக்குச் சிவப்பை எடுத்துவைத்து, பிரஷ் நுனியில் புள்ளிபுள்ளியாகப் பச்சையைச் சேர். முதல் புள்ளியிலேயே சிவப்பின் கூச்சல் அடங்கிச் செங்கல் நிறமாகும். அப்புறம் செம்பழுப்பு, பிறகு பழுப்பு. அதையும் தாண்டினால் பாசி நிறம், அப்புறம் மங்கல் பச்சை. ஒவ்வொரு புள்ளிக்கும் தாளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போ. பிரஷ் கழுவின தண்ணீர் தெளிவாக இருக்கட்டும். அதில் நீலம் மிதந்தால் பழுப்பு உடனே சாம்பல் பக்கம் போய்விடும்.

இருட்டான கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். அதில் ஒரு துளியை எடுத்து நிறைய வெள்ளையில் கலந்து பார். இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் சிவப்பு கூடியிருக்கிறது, பச்சைச் சாயல் தெரிந்தால் பச்சை கூடியிருக்கிறது. மணல் மாதிரி வந்தால் நடுவில் நிற்கிறாய். ரொம்பச் செத்துப்போன நிறமாக இருந்தால் கொஞ்சம் மஞ்சளோ ஆரஞ்சோ சேர், பழுப்பு உயிர் பெறும்.

இன்னொன்று. போன வாரம் நீ வரைந்த சிவப்புப் பந்தில் நிழலுக்குக் கறுப்பைப் பூசியிருந்தாய். பந்து அங்கே ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அந்த இடத்தில் அதே சிவப்பில் இரண்டு மூன்று புள்ளி பச்சை சேர்த்துப் பூசிப் பார். நிறம் இருளும், ஆனால் அது சிவப்புப் பந்தின் நிழலாகவே இருக்கும், ஏனென்றால் உள்ளே சிவப்பு இன்னும் இருக்கிறது. நீ இப்போது குறை சொல்கிற அதே கலவையைத்தான் அங்கே தேடி எடுப்பாய்.

கோடுகள் இழுத்த தாளை அடுத்த வகுப்புக்கு எடுத்து வா. உன் சிவப்பு, பச்சை டியூபுகளின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று தாளின் ஓரத்தில் குறித்துவை. அது தெரிந்தால்தான் நேற்று வந்தது எந்தப் பழுப்பு என்று சரியாகச் சொல்ல முடியும்.